நீண்ட செய்தி திடீரென்று சுருங்கினால்: தொனி மாற்றத்தைப் படிப்பது எப்படி?

மாணவர்களே, கருத்துணர்தல் பகுதியில் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அமுதாவின் மீது கயல்விழிக்கு இருந்த மனநிலை எவ்வாறு மாறியுள்ளது? பனுவலிலிருந்து சான்று தந்து விளக்குக." பனுவலைத் தேடிப் பார்த்தால் 'கோபம்' என்ற சொல்லும் இல்லை, 'வருத்தம்' என்ற சொல்லும் இல்லை. இரண்டு தோழிகளின் புலனச் செய்திகள் மட்டும்தான் இருக்கின்றன.

இதற்குப் பலர் எழுதும் விடை இதுதான்: "கயல்விழி கோபமாக இருக்கிறாள். ஏனென்றால் அவள் சுருக்கமாகப் பதில் அனுப்பினாள்." பார்க்கச் சரிபோலத் தோன்றும். ஆனால், இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. சுருக்கமான செய்தி என்றாலே கோபம் என்று சொல்ல முடியாது. அடுத்து, ஒருவர் விலகுகிறார் என்பது தெரிந்தாலும், அவர் மனத்தில் இருப்பது கோபம்தான் என்பது அதிலிருந்து வந்துவிடாது. இந்த இரண்டையும் ஒரு மாதிரிப் பனுவலை வைத்துப் பார்ப்போம்.

மாதிரிப் பனுவல்

(இது பயிற்சிக்காக எழுதப்பட்டது. அமுதாவும் கயல்விழியும் எஸ்.பி.எம். முடித்த நெருங்கிய தோழிகள்.)

திங்கள் இரவு, கயல்விழி:
"அமுதா, தூங்கிட்டியாடி? எனக்குத் தூக்கமே வரல. மெட்ரிக் ரிசல்ட் வந்துச்சு, எனக்குக் கிடைக்கல. அம்மாகிட்ட சொல்லிட்டேன், அப்பாகிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்ட சொன்னாத்தான் மனசு லேசாகும்னு தோணுச்சு. நீ எப்படிடி இருக்க? பாட்டிக்குக் கால் வலி பரவாயில்லையா? சனிக்கிழமை கண்டிப்பா வர்றேன். உங்க அம்மா செய்ற இடியாப்பத்தை எனக்கு எடுத்து வை."

செவ்வாய் மதியம், கயல்விழி:
"வேலைல இருக்கேன்டி. நைட்டு பேசுவோமா?"

புதன் மாலை, வகுப்பு நண்பர்கள் குழுவில் அமுதா:
"நம்ம கயலுக்கு மெட்ரிக் கிடைக்கல. மேல்முறையீடு பத்தித் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்களேன், பிளீஸ்."

புதன் இரவு, கயல்விழி:
"வணக்கம் அமுதா. செய்தியைப் பார்த்தேன். அக்கறைக்கு மிக்க நன்றி. சனிக்கிழமை வர இயலாது. அம்மாவிடம் தெரிவித்துவிடவும்."

வியாழன், அமுதா:
"என்னடி ஆச்சு? ஏன் வரமாட்ட? உடம்புக்கு ஏதும் முடியலையா? ஃபோன் பண்ணட்டுமா?"

வெள்ளி, கயல்விழி:
"ஒன்றுமில்லை. நலமாக இருக்கிறேன். நன்றி."

நீளத்தை அளக்காதீர்கள்

செவ்வாய்ச் செய்தியையும் புதன் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செவ்வாய்ச் செய்தியில் 4 சொற்கள். புதன் செய்தியில் 12 சொற்கள். நீளம்தான் அன்புக்கு அளவு என்றால் புதன் செய்திதான் அதிக அன்பானதாக இருக்க வேண்டும். ஆனால், படித்தவுடனே நமக்கு எது சில்லிடுகிறது? புதன் செய்திதான்.

ஏன்? செவ்வாய்ச் செய்தி குட்டியாக இருந்தாலும் அதில் 'டி' இருக்கிறது. ஏன் இப்போது பேச முடியாது என்ற காரணம் இருக்கிறது. 'நைட்டு பேசுவோமா?' என்று அடுத்த பேச்சுக்கு வழி விட்டிருக்கிறது. கயல்விழிக்கு நேரமில்லாதபோது அவள் எப்படி எழுதுவாள் என்பதை இந்த ஒரு செய்தி நமக்குக் காட்டிவிடுகிறது. ஆகவே, இதுதான் நம் அளவுகோல். ஒருவருடைய செய்தியை அவருடைய முந்தைய செய்திகளோடுதான் ஒப்பிட வேண்டும். நம்முடைய பழக்கத்தோடோ வேறொருவரின் பழக்கத்தோடோ ஒப்பிடக்கூடாது. எப்போதுமே "சரி", "ம்" என்று பதில் போடும் அண்ணன் ஒருவர் இன்றைக்கும் "சரி" என்று போட்டால் அதில் செய்தி எதுவும் இல்லை.

தமிழில் விலகல் எங்கே தெரியும்?

புதன் செய்தியில் எவையெல்லாம் மாறியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, விளி. திங்கள் செய்தி "அமுதா, தூங்கிட்டியாடி?" என்று நேராகப் பேச்சில் இறங்குகிறது. புதன் செய்தி "வணக்கம் அமுதா" என்று தொடங்குகிறது. வணக்கம் நல்ல சொல்தான். ஆனால், தினமும் பேசிக்கொள்ளும் இரு தோழிகள் வணக்கம் சொல்லித் தொடங்குவதில்லை. அது தூரத்தில் இருப்பவருக்கு உரிய மரியாதை. நெருங்கியவரிடம் திடீரென்று அதைச் சொல்லும்போது மரியாதை கூடவில்லை, தூரம்தான் கூடியிருக்கிறது.

இரண்டாவது, பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்குத் தாவியது. 'வர்றேன்' என்று எழுதியவள் 'வர இயலாது' என்கிறாள். 'வரமுடியாதுடி' என்றும் எழுதியிருக்கலாம், பொருள் ஒன்றுதான். நமது மொழியில் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடைவெளி அதிகம் என்பதால், ஒரே ஆள் ஒரே ஆளிடம் ஒரு வழக்கைவிட்டு இன்னொன்றுக்குப் போவது சட்டென்று கண்ணில் படும்.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது. நெருக்கம் குறைந்தால் 'நீ' என்பது 'நீங்கள்' ஆகிவிடும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். ஒத்த வயதுத் தோழிகளுக்கிடையே அப்படி நடப்பது அரிது. நடந்தால் அது கேலியாகவோ வெளிப்படையான சண்டையாகவோ ஆகிவிடும். பெரும்பாலும் நடப்பது வேறு: 'நீ'யும் வராது, 'நீங்கள்' என்பதும் வராது. புதன் செய்தியில் முன்னிலைப் பெயர் ஒன்றுகூட இல்லை. 'உன் அக்கறைக்கு' என்று இல்லாமல் வெறும் 'அக்கறைக்கு'. திங்களன்று 'உங்க அம்மா' என்றவள் புதனன்று வெறும் 'அம்மாவிடம்' என்கிறாள். 'சொல்லிடு' என்று வரவேண்டிய இடத்தில் 'தெரிவித்துவிடவும்'. 'காலணிகளைக் கழற்றி வைக்கவும்' என்று அறிவிப்புப் பலகையில் பார்க்கிறோமே, அதே வடிவம். அது குறிப்பிட்ட ஒருவரை நோக்கிப் பேசும் வடிவம் அன்று. அமுதா என்ற பெயரைச் சொல்லித் தொடங்கினாலும் உள்ளே அமுதாவிடம் யாரும் பேசவில்லை.

நான்காவது, கேள்விகள். திங்கள் செய்தியில் 3 கேள்விகள் உள்ளன. புதன், வெள்ளிச் செய்திகளில் ஒன்றுகூட இல்லை. பாட்டியின் கால்வலி காணாமல் போய்விட்டது. தன்னைப் பற்றிய சேதியும் இல்லை. கேள்வி கேட்பதும் தன் சேதியைச் சொல்வதும் மற்றவர் பதில் எழுதுவதற்குப் பிடி கொடுப்பவை. "ஒன்றுமில்லை. நலமாக இருக்கிறேன். நன்றி." என்ற செய்திக்கு அமுதா என்ன பதில் எழுத முடியும்? கதவைச் சாத்திவிட்டு நன்றி சொல்வதுபோல் இருக்கிறது.

சிலர் முற்றுப்புள்ளியையும் சான்றாக எழுதுவார்கள். இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளின் என்பவரின் குழு செய்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், கைப்பேசிச் செய்தியில் ஒற்றைச்சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனமார்ந்த பதிலாக இல்லை என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆனால், அது ஆங்கிலச் செய்திகளை வைத்துச் செய்த ஆய்வு. நம் பனுவலிலோ கயல்விழி திங்களன்றே முற்றுப்புள்ளி வைத்துத்தான் எழுதியிருக்கிறாள். அவளுடைய பழக்கம் மாறவில்லை. எனவே, இங்கே முற்றுப்புள்ளியைச் சான்றாகக் காட்ட முடியாது.

வேறு காரணம் இருக்குமா?

இதுவரை பார்த்தவை விலகலைக் காட்டுகின்றன. ஆனால், அவசரப்படாமல் வேறு விளக்கங்களையும் எடைபோட வேண்டும்.

வேலைப்பளுவாக இருக்குமா? செவ்வாய்ச் செய்தியால் இது பலவீனமாகிறது. வேலை நேரத்திலும் அவள் 'டி' போட்டுத்தான் எழுதினாள். நேரமில்லாதவள் 'அக்கறைக்கு மிக்க நன்றி' என்று கோத்துக் கோத்து எழுதத் தேவையில்லை.

எழுத்துமுறை மாறியதால் வந்த மாற்றமா? இது நம் நாட்டு மாணவர்களுக்கு நன்றாகப் புரியும். வழக்கமாக ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டும் ஒருவர், ஒருநாள் தமிழ் எழுத்துக்கு மாறினால் அவருடைய நடை தானாகவே விறைத்துக்கொள்ளும். கைப்பேசி எடுத்துக் கொடுக்கும் சொற்கள் பலவும் எழுத்து வழக்குச் சொற்களாகவே இருக்கும். அதேபோல், தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆங்கிலத்தில் 'நோட்டட், தேங்க்ஸ்' என்றால் அது அலுவலகப் பழக்கமாக இருக்கலாம். கயல்விழியோ தொடக்கத்திலிருந்தே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறாள். எனவே, இங்கே இந்தக் காரணம் பொருந்தாது. வேறு பனுவலில் பொருந்தக்கூடும், மறந்துவிடாதீர்கள்.

பக்கத்தில் யாரேனும் இருந்திருப்பார்களா? இதை நாம் தள்ளிவிட முடியாது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று திங்களன்று எழுதியிருந்தாள். குழுவில் போட்ட செய்தி யார் மூலமாவது அப்பாவின் காதுக்குப் போயிருந்தால், வீட்டில் புயலடித்துக்கொண்டிருக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எழுதிய செய்தியாகவும் இருக்கலாம். பனுவல் இதைச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

கடைசியாக, எப்போது மாறியது என்று பாருங்கள். செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில் நடந்த ஒரே நிகழ்வு குழுச் செய்திதான். தன்னிடம் சொன்னதை அமுதா எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். உதவ நினைத்துத்தான் செய்தாள், ஆனாலும் இரகசியம் போய்விட்டது. 'செய்தியைப் பார்த்தேன்' என்ற வரி அதையே சுட்டுகிறது. எந்தச் செய்தி என்றுகூட அவள் சொல்லவில்லை.

எதுவரை சொல்லலாம்?

இப்போது கணக்குப் பார்ப்போம். விலகல் இருக்கிறது என்பது சொற்களிலேயே தெரிகிறது. இதை உறுதியாக எழுதலாம். குழுச் செய்திதான் காரணம் என்பது நிகழ்வுகளின் வரிசையிலிருந்து வருகிறது. இதை 'காரணமாக இருக்கலாம்' என்று எழுத வேண்டும். ஆனால், அவள் மனத்தில் இருப்பது கோபமா, வெட்கமா, வருத்தமா? இதற்குப் பனுவலில் விடை இல்லை. கோபத்தில் இருப்பவரும் விலகுவார், கூனிக்குறுகி நிற்பவரும் விலகுவார். இருவரின் செய்தியும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அந்த வாரம் கயல்விழி மற்ற தோழிகளுக்கு எப்படி எழுதினாள் என்று தெரிந்தால் ஓரளவு பிரித்துச் சொல்லலாம். அமுதாவிடம் மட்டும் இப்படி என்றால் மனத்தாங்கல் அமுதாவின் மீது. எல்லாரிடமும் இப்படி என்றால் அவள் உலகத்திடமிருந்தே ஒதுங்கியிருக்கிறாள். அந்தச் செய்திகள் நம்மிடம் இல்லை.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும்: பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. சொல்லாததைப் படிப்பது அத்தனை தேவையான திறன். அதே நூலில் 132ஆவது அதிகாரமாகப் 'புலவி நுணுக்கம்' வருகிறது. அங்கே தலைவன் தும்மினால் தலைவி வாழ்த்துகிறாள், உடனே யாரை நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த குறளில் தும்மலை அடக்கினாலும் அழுகிறாள், அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாள். காதலில் அது சுவை. தேர்வு விடையில் நாம் எழுத வேண்டியது குறிப்பறிதல், புலவி நுணுக்கம் அன்று.

மூன்று விடைகள்

விடை அ: "கயல்விழி அமுதாவை வெறுக்கிறாள். அவர்களின் நட்பு முறிந்துவிட்டது." இது பனுவலைத் தாண்டி ஓடிவிட்டது. முறிந்தது என்பதற்கு ஒரு வரியும் சான்றில்லை.

விடை ஆ: "கயல்விழி குறுகிய செய்தி அனுப்பியதால் அவள் மனநிலை மாறிவிட்டது." முடிவு சரி, சான்று தவறு. செவ்வாய்ச் செய்தி இதைவிடக் குறுகியது என்று யாராவது கேட்டால் விடை விழுந்துவிடும்.

விடை இ: "கயல்விழி அமுதாவிடமிருந்து சற்று விலகியுள்ளாள். முன்பு 'தூங்கிட்டியாடி', 'வர்றேன்' என உரிமையோடு பேச்சு வழக்கில் எழுதியவள், பின்னர் 'வணக்கம்', 'வர இயலாது', 'தெரிவித்துவிடவும்' என எழுத்து வழக்கில் எழுதுகிறாள். முன்புபோல் நலம் விசாரிக்கவுமில்லை. தன் தனிப்பட்ட செய்தியை அமுதா குழுவில் பகிர்ந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம்." இந்த விடையில் முடிவு, இரண்டு பக்கச் சான்று, காரணம் மூன்றும் உள்ளன. 'சற்று', 'இருக்கலாம்' என்ற இரு சொற்கள் விடையை அளவோடு நிறுத்துகின்றன. முன்பு எப்படி, பின்பு எப்படி என இரண்டு பக்கமும் காட்டினால்தான் 'மாற்றம்' என்ற கேள்விக்கு விடை ஆகும். பலர் பின்னதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு

இந்தப் பனுவலை முழுதாகக் கொடுக்க வேண்டாம். முதலில் புதன் இரவுச் செய்தியை மட்டும் வெண்பலகையில் எழுதி, "இவர்கள் இருவரும் யார்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், சங்கச் செயலாளரும் உறுப்பினரும் என்றெல்லாம் வரும். அதில் குளிர்ச்சி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது சரியான விடையும்கூட. தனியாகப் பார்த்தால் அது மரியாதையான செய்திதான். பிறகு திங்கள் செய்தியைக் காட்டுங்கள். வகுப்பில் "ஐயோ" என்று ஒரு சத்தம் வரும். பின்னர் செவ்வாய்ச் செய்தி, கடைசியாகக் குழுச் செய்தி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் தங்கள் விடையில் எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

தொடர்ந்து ஓர் எழுத்துப் பயிற்சி: அமுதாவின் அடுத்த செய்தியை மாணவர்கள் எழுதட்டும். பெரும்பாலோர் "ஏன்டி இப்படி மாறிட்ட? என்மேல கோபமா?" என்றுதான் தொடங்குவார்கள். இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும், பேச்சு அதோடு நிற்கும். அதற்குப் பதிலாக நடந்ததைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள்: "குழுவுல நான் உன்கிட்ட கேட்காம போட்டுட்டேன், அது தப்பு. அழிச்சிட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சா? உனக்குப் பேசணும்னு தோணும்போது கூப்பிடு." இதில் கயல்விழியின் மனத்தில் இருப்பது இதுதான் என்று அமுதா முடிவு கட்டவில்லை. கோபமாக இருந்தாலும் பொருந்தும், வெட்கமாக இருந்தாலும் பொருந்தும், வீட்டில் பிரச்சினையாக இருந்தாலும் பொருந்தும்.

பயிற்சிக் கேள்விகள்

1. செவ்வாய்ச் செய்தி குறுகியதாக இருந்தும் நெருக்கத்தைக் காட்டுகிறது. இரண்டு சான்றுகள் தருக.
(குறிப்பு: 'டி' என்ற விளி, காரணம் கூறல், அடுத்துப் பேச அழைத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு.)

2. 'தெரிவித்துவிடவும்' என்பதற்குப் பதிலாகத் திங்களன்று கயல்விழி எவ்வாறு எழுதியிருப்பாள்?
(குறிப்பு: "உங்க அம்மாகிட்ட சொல்லிடுடி" போன்ற விடை. முன்னிலையும் பேச்சு வழக்கும் திரும்ப வந்திருக்க வேண்டும்.)

3. "கயல்விழி கோபமாக இருக்கிறாள்" என்ற விடையை முழுமையாக ஏற்க முடியாது. ஏன்?
(குறிப்பு: விலகலுக்குச் சான்று உண்டு. உணர்வு எது என்பதற்குச் சான்று இல்லை. வெட்கம், வருத்தம், வீட்டுச்சூழல் ஆகியவையும் பொருந்தும்.)

4. வெள்ளியன்று வந்த பதில் "ஒன்னும் இல்லடி, தலைவலி. நாளைக்குச் சொல்றேன்." என்று இருந்திருந்தால் உங்கள் விடை எவ்வாறு மாறும்?
(குறிப்பு: பேச்சு வழக்கு, 'டி', காரணம், தொடரும் பேச்சு ஆகிய நான்கும் திரும்பியுள்ளன. புதன் செய்தியின் விறைப்பு வெள்ளிக்குள் தளர்ந்தது எனலாம். விலகல் தொடர்கிறது என்று எழுத முடியாது.)